முகமாற்று மாடல் பயிற்சி: அடையாள இழப்பு, மறுகட்டமைப்பு இழப்பு, புலனுணர்வு இழப்பு – எதற்கு எவ்வளவு எடை?

முகமாற்று மாடலைப் பயிற்றுவிக்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "படம் தெளிவாக வருகிறது, ஆனால் முகம் மாறவே இல்லை" என்பது ஒன்று. "முகம் மாறிவிட்டது, ஆனால் மெழுகு பூசியதுபோல இருக்கிறது; சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதில்லை" என்பது மற்றொன்று. இரண்டு பேரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: மூன்று இழப்புகளில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

எடையைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வோர் இழப்பும் எந்தப் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் எண்களை மாற்றிக்கொண்டே நாள்கணக்கில் கழித்தவர்களை அறிவேன்; நானும் அப்படிக் கழித்திருக்கிறேன்.

சொற்களை முதலில் நிலைப்படுத்திக்கொள்வோம். யாருடைய முகம் வர வேண்டுமோ அவருடைய படம் மூலப்படம். எந்தப் படத்தில் அந்த முகத்தைப் பொருத்துகிறோமோ அது இலக்குப்படம். விளைவில் மூலப்படத்தின் ஆள் தெரிய வேண்டும். தலையின் சாய்வு, முகபாவம், வெளிச்சம், பின்னணி எல்லாம் இலக்குப்படத்திலிருந்து வர வேண்டும். இழப்பு என்பது, மாடல் வரைந்த படம் எவ்வளவு தவறு என்று சொல்லும் ஓர் எண். அந்த எண் குறையும் திசையில் மாடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எண் எதைக் கேட்கிறதோ அதை மட்டுமே மாடல் கொடுக்கும். நாம் மனத்தில் நினைத்ததைக் கொடுக்காது.

பயிற்சிக்கான இரு தரப்புப் படங்களும் சம்மதம் தந்தவர்களுடையவை என்று வைத்துக்கொண்டே இனி பேசுகிறேன். அந்தச் சம்மதம் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும்.

1. ஒப்பிடுவதற்கு விடைத்தாள் இருக்கிறதா? அதாவது, "சரியான விளைவு இதுதான்" என்று காட்ட ஒரு படம் கையில் உள்ளதா?
2. இந்த இழப்பின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது?
3. முகத்தை மாற்றாமலேயே அல்லது கெடுத்துவிட்டு, இந்த எண்ணை மட்டும் குறைக்க மாடலுக்குக் குறுக்குவழி உண்டா?
4. நினைவகம், நேரம், தயாரிப்பு வேலை என்று மறைவாக என்ன செலவாகிறது?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கமலாவின் முகத்தை விமலாவின் படத்தில் பொருத்துகிறோம் என்றால், கமலா அதே நொடியில், அதே வெளிச்சத்தில், அதே சிரிப்போடு நின்ற படம் உலகில் எங்கும் இல்லை. விடைத்தாள் இல்லாத தேர்வு அது. ஆனால் மூலமாகவும் இலக்காகவும் கமலாவின் படத்தையே கொடுத்தால் விடைத்தாள் தயாராக இருக்கிறது: இலக்குப்படமே விடை. முதல்வகையை வேற்று ஜோடி என்றும் இரண்டாம்வகையைத் தன் ஜோடி என்றும் அழைக்கிறேன். இனி வரும் எல்லாம் இந்தப் பிரிவில்தான் தொங்குகிறது.

## மறுகட்டமைப்பு இழப்பு

மூன்றிலும் எளியது இது. வரைந்த படத்தையும் விடைப்படத்தையும் பிக்சல் பிக்சலாகக் கழித்து, வித்தியாசங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறோம். வித்தியாசத்தின் அளவை அப்படியே எடுத்தால் L1. வர்க்கமாக்கி எடுத்தால் L2.

விடைத்தாள் தன் ஜோடியில் மட்டுமே இருக்கிறது. அதனால் 2019-இல் வெளிவந்த ஃபேஸ்ஷிஃப்டர், 2020-இல் வெளிவந்த சிம்ஸ்வாப் ஆகிய இரண்டு முகமாற்று மாடல்களிலும் இந்த இழப்பு தன் ஜோடிக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. வேற்று ஜோடியில் அது பூஜ்யம். சிம்ஸ்வாப் ஒரு தொகுதி தன் ஜோடி, அடுத்த தொகுதி வேற்று ஜோடி என்று மாறிமாறிப் பயிற்றுவிக்கிறது.

இதன் கண்ணுக்கு நிறமும் வெளிச்சமும் பெரிய வடிவங்களும் நன்றாகத் தெரியும். பயிற்சியின் தொடக்கத்தில் படம் நிலைபெறுவது இதனால்தான். மற்ற இரண்டை மட்டும் வைத்துத் தொடங்கினால் தோலின் நிறம் ஊசலாடுவதைக் காணலாம்.

தெரியாதது எது என்பதை ஒரு புருவ முடியை வைத்துப் பார்க்கலாம். விடைப்படத்தில் 10 பிக்சல் நீளமான ஒரு மெல்லிய முடி இருக்கிறது. தோலைவிட ஒவ்வொரு பிக்சலும் 100 அளவு கருமை. மாடல் அந்த முடியை அழகாக வரைந்துவிட்டது, ஆனால் ஒரு பிக்சல் பக்கவாட்டில் தள்ளி வரைந்துவிட்டது. L1 என்ன சொல்லும்? முடி இருக்க வேண்டிய 10 பிக்சலில் இல்லை: 1000 தவறு. இருக்கக் கூடாத 10 பிக்சலில் இருக்கிறது: இன்னொரு 1000. மொத்தம் 2000. இப்போது அதே மாடல் முடியை வரையவே இல்லை, தோலின் நிறத்தைப் பூசிவிட்டது என்று கொள்வோம். தவறு 1000 மட்டும்.

பார்க்கிற மனிதருக்கு முதல் படம் புருவம், இரண்டாவது வழுக்கை. இழப்புக்கோ இரண்டாவதுதான் இருமடங்கு மேல். முடியின் சரியான இடத்தை மாடலால் துல்லியமாகச் சொல்ல முடியாத இடங்களில் எல்லாம், அழித்துவிடுவதே இலாபம் என்று அது கற்றுக்கொள்கிறது. மெழுகுத் தோல், பஞ்சு போன்ற முடி, மங்கிய பற்கள் ஆகியவை இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை. இன்னும் அதிக நேரம் பயிற்றுவித்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. மாடல் தன் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. ஆகையால் காத்திருப்பு ஓரளவுக்கு மேல் உதவாது.

குறுக்குவழி இதைவிடக் கேடானது. தன் ஜோடியில் விடைப்படம் இலக்குப்படமேதான். அப்படியானால் இலக்குப்படத்தை உள்ளே வாங்கி அப்படியே வெளியே விட்டால் இழப்பு பூஜ்யமாகிவிடும். மூல முகத்தைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. அதே ஆளின் வேறு படத்தை மூலமாகக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்போதும் விடை இலக்குப்படம்தான். நகலெடுப்பது அப்போதும் முழு மதிப்பெண் வாங்கித்தரும். "படம் தெளிவு, முகம் மாறவில்லை" என்ற முதல் புலம்பலுக்கு வேர் இங்கே இருக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். எந்த முகத்தையும் எந்தப் படத்திலும் பொருத்தும் மாடலுக்குத்தான் மேலே சொன்னது பொருந்தும். இரண்டே இரண்டு பேருக்கு இடையில் மட்டும் மாற்றும் பழைய வடிவமைப்பு வேறு. அதில் முகத்தை எண்களாகச் சுருக்கும் என்கோடர் இருவருக்கும் பொது; அந்த எண்களிலிருந்து முகத்தை வரையும் டிகோடர் ஆளுக்கு ஒன்று. கமலாவின் டிகோடர் தன் வாழ்நாளில் கமலாவின் முகத்தை மட்டுமே வரைந்து பழகியிருக்கிறது. விமலாவின் முகபாவத்தைக் கொடுத்தாலும் அதற்கு வரையத் தெரிந்தது கமலாவைத்தான். அடையாளம் டிகோடருக்குள்ளேயே குடியிருப்பதால், மறுகட்டமைப்பு இழப்பு ஒன்றே வேலையை முடித்துவிடும். அடையாள இழப்பு தேவைப்படாது. உள்ளே கொடுக்கும் படத்தைச் சற்றே நெளித்துக் கொடுத்து, நெளியாத படத்தை விடையாக வைப்பது அங்கே வழக்கம். வெறும் நகலெடுப்புக்கு அது தடை. உங்கள் வேலை இந்த வகை என்றால், இந்த இழப்பையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் விதவிதமான கோணத்தில், பாவத்தில், வெளிச்சத்தில் நிறையப் படங்கள் வேண்டும் என்பதும், ஒவ்வொரு புதிய ஆளுக்கும் பயிற்சியை மீண்டும் தொடங்க வேண்டும் என்பதும் அதற்கான விலை.

## அடையாள இழப்பு

வேற்று ஜோடியில் விடைப்படம் இல்லை. ஆனால் ஒரு விடை மட்டும் தெரியும்: விளைவில் இருப்பவர் மூலப்படத்தின் ஆளாக இருக்க வேண்டும். முழுப்படத்தையும் திருத்த முடியாத ஆசிரியர், பெயரை மட்டுமாவது சரிபார்ப்பதுபோல இது.

முன்பே பயிற்சி பெற்று உறைந்திருக்கும் ஒரு முகமறி மாடலை எடுத்துக்கொள்கிறோம், பெரும்பாலும் ஆர்க்ஃபேஸ். அது 112×112 பிக்சல் முகத்தை வாங்கி 512 எண்கள் கொண்ட திசையனாகச் சுருக்கித் தரும். ஒரே ஆளின் வெவ்வேறு படங்களுக்குத் திசையன்கள் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்கும். வேறு ஆள் என்றால் விலகி நிற்கும். மூல முகத்தின் திசையனுக்கும் விளைவின் திசையனுக்கும் இடையிலான கோணத்தின் கொசைன் ஒற்றுமையைக் கண்டு, அதை 1-இலிருந்து கழித்தால் அடையாள இழப்பு.

```python
e_src = F.normalize(arcface(src112)).detach()
e_out = F.normalize(arcface(out112))
l_id = (1 - (e_src * e_out).sum(dim=1)).mean()
```

இந்த மூன்று வரிகளிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்க்ஃபேஸ் உறைந்த மாடல்தானே என்று இரண்டு அழைப்புகளையும் `torch.no_grad()` உள்ளே போட்டுவிடுவார்கள். மூல முகத்துக்கு அது சரி. விளைவுக்கும் போட்டால் திருத்தும் சமிக்ஞை, அதாவது கிரேடியன்ட், மாடலுக்குத் திரும்பிப் போகாது. மற்ற இழப்புகள் உடன் இருப்பதால் பிழைச்செய்தியும் வராது. திரையில் அடையாள இழப்பு என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். வேற்று ஜோடிகளில் அது 1-க்குப் பக்கத்திலேயே நிற்கும். பல ஆயிரம் சுற்றுகளுக்குப் பிறகும் அசையாவிட்டால், எடையைக் கூட்டாதீர்கள். முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். முகமறி மாடலின் எடைகளை உறைய வைப்பது வேறு, அதன் வழியாகக் கிரேடியன்ட் செல்வதைத் தடுப்பது வேறு.

இரண்டாவது கண்ணி வெட்டு. ஆர்க்ஃபேஸ் இரு கண்கள், மூக்கு நுனி, இரு வாயோரங்கள் என்ற ஐந்து புள்ளிகளைக் குறித்த இடங்களில் நிறுத்தி, முகத்தை நெருக்கி வெட்டிய படங்களில் பழகியது. தலைமுடியும் தோளும் தெரியும் அகலமான படங்களில் நீங்கள் பயிற்சி செய்துகொண்டு, அவற்றை வெறுமனே 112×112 ஆகச் சுருக்கிக் கொடுத்தால், முகம் அதற்குப் பழக்கமில்லாத அளவில் சிறியதாகத் தெரியும். திசையனின் தரம் தாழும். இழப்பு தப்பான திசையில் இழுக்கும். சிவப்பு, பச்சை, நீல வரிசை தலைகீழாக இருப்பதும் இதே விதமான மௌனப் பிழை. சோதிப்பது எளிது: ஒரே ஆளின் இரண்டு உண்மைப் படங்களை உங்கள் பயிற்சிக் குழாய்வழியே செலுத்தி ஒற்றுமையைப் பாருங்கள்; பிறகு வெவ்வேறு ஆட்களின் படங்களைச் செலுத்துங்கள். இரண்டு கூட்டமும் தெளிவாகப் பிரிந்து நிற்காவிட்டால், பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

இந்தச் சோதனை இன்னொரு பெரிய பயனையும் தரும். ஒரே ஆளின் இரண்டு உண்மைப் படங்களுக்கு ஒற்றுமை 1 வருவதே இல்லை என்று உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். கோணமும் வெளிச்சமும் மாறினால் அது கணிசமாகக் குறையும். உங்கள் சோதனையில் அது சராசரியாக 0.65 என்று வந்ததாகக் கொள்வோம். அடையாள இழப்போ 1-ஐ எட்டும்வரை மாடலைத் துரத்துகிறது. உண்மையான கமலாவே 0.65 வாங்கும்போது, வரைந்த கமலா 0.9 வாங்குகிறார் என்றால், அந்த மிகுதி எங்கிருந்து வந்தது?

இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, ஆர்க்ஃபேஸ் முகபாவத்தையும் வெளிச்சத்தையும் முழுவதும் மறந்துவிடுவதில்லை. மூலப்படத்தில் இருந்த மூடிய வாய், கண்ணாடியின் நிழல், பார்வையின் திசை ஆகியவையும் திசையனில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒற்றுமையை உச்சத்துக்குத் தள்ளினால், இவையும் சேர்ந்து விளைவில் இறங்கும். "சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதில்லை" என்ற இரண்டாவது புலம்பலின் வேர் இதுதான். மற்றொன்று, மாடல் ஆர்க்ஃபேஸை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறது. மனிதக் கண்ணுக்கு அடையாளம் மாறாமலேயே முகமறி மாடலின் எண்ணை மட்டும் உயர்த்தும் நுண்ணிய வடிவங்களைத் தோலில் பதிக்கிறது.

ஏமாற்றைக் கண்டுபிடிக்க ஒரே நேர்மையான வழி, பயிற்சியில் பங்கெடுக்காத வேறொரு முகமறி மாடலை வைத்து அளப்பது. பயிற்சி மாடலின் கணக்கில் ஒற்றுமை ஏறிக்கொண்டே போக, வெளிமாடலின் கணக்கில் அது நின்றுவிட்டால், நின்ற இடத்துக்குப் பிறகு நடந்த பயிற்சி ஏமாற்றுக்குத்தான் போயிருக்கிறது. ஆர்க்ஃபேஸ் எண்ணை மட்டும் காட்டி "அடையாளம் 0.9" என்று சொல்லும் முடிவுகளை நான் ஏற்பதில்லை.

துரத்தலுக்கு எல்லை வைப்பதும் நல்லது. உண்மைப் படங்களில் கிடைத்த 0.65-ஐ வரம்பாக வைத்து, அதைத் தாண்டியவற்றுக்கு இழப்பைப் பூஜ்யமாக்கிவிடலாம்:

```python
l_id = F.relu(0.65 - (e_src * e_out).sum(dim=1)).mean()
```

இந்த ஒரு மாற்றம் எடையைக் கூட்டிக் குறைப்பதைவிட அதிகம் உதவுவதைக் கண்டிருக்கிறேன். 0.65 என்பது எடுத்துக்காட்டுக்காகச் சொன்னது. உங்கள் எண்ணை உங்கள் படங்களிலிருந்தே எடுங்கள்.

மறைவான செலவு ஒன்று பாக்கி. முகமறி மாடல் எந்த முகங்களைக் குறைவாகப் பார்த்து வளர்ந்ததோ, அந்த முகங்களுக்கு அதன் திசையன் நுட்பமாக இருக்காது. சில வயதினர், சில இனத்தவர் ஆகியோரின் முகங்கள் அதற்கு ஒன்றுபோலவே தெரியலாம். அந்தக் குறை அப்படியே உங்கள் மாடலுக்கு வாரிசாக வந்து சேரும். மேலே சொன்ன இரு கூட்டச் சோதனையை, நீங்கள் பயன்படுத்தப்போகும் வகை முகங்களிலேயே நடத்த வேண்டும் என்பது அதனால்தான்.

## புலனுணர்வு இழப்பு

புருவ முடிக் கணக்குக்கு மருந்தாக வந்தது இது. இரண்டு படங்களையும் நேரடியாகக் கழிக்காமல், முன்பே பயிற்சி பெற்ற ஒரு பட மாடலின் வழியே செலுத்தி, அதன் உள்ளடுக்குகளில் எழும் எண்களைக் கழிக்கிறோம். பெரும்பாலும் விஜிஜி-16 என்ற மாடலைப் பயன்படுத்துவார்கள். உள்ளடுக்குகள் "இந்தப் பிக்சல் கறுப்பா" என்று கேட்பதில்லை. "இந்தச் சுற்றுவட்டாரத்தில் சாய்ந்த மெல்லிய கோடுகள் உள்ளனவா" என்பது போன்றவற்றைக் கேட்கின்றன. முடி ஒரு பிக்சல் தள்ளியிருந்தால் பெரிய தண்டனை இல்லை. முடியே இல்லையென்றால் தண்டனை உண்டு. கணக்கு மனிதக் கண்ணின் பக்கம் திரும்பிவிடுகிறது. 2016-இல் ஜான்சனும் அலாஹியும் ஃபெய்-ஃபெய் லீயும் பாணிமாற்றத்துக்கும் நுணுக்கப் பெரிதாக்கலுக்கும் இதைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு பரவலானது. 2018-இல் வந்த `LPIPS`, எந்த உள்ளடுக்கு எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மனிதர்களின் தீர்ப்புகளிலிருந்து கற்றுக்கொண்ட வடிவம். புதிதாகத் தொடங்குபவர் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இதன் கண்ணுக்கு முடி, தோலின் நுண்மை, இமை விளிம்பு ஆகியவை தெரியும். ஆள் யார் என்பது தெரியாது. விஜிஜி பொருள்களையும் விலங்குகளையும் வகைபிரிக்கப் பழகிய மாடல். அதற்குக் கமலாவும் விமலாவும் ஏறத்தாழ ஒன்று. முகம் இன்னும் மூலத்தைப் போல இல்லை என்பதற்காக இதன் எடையைக் கூட்டுவது வீண்வேலை.

வீண் என்பதோடு நின்றால் பரவாயில்லை. விடைத்தாள் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: எந்தப் படத்தோடு ஒப்பிடுகிறோம்? தன் ஜோடியில் இலக்குப்படத்தோடு, சிக்கல் இல்லை. வேற்று ஜோடியிலும், வெளிச்சமும் பாவமும் காப்பாற்றப்பட வேண்டுமே என்று இலக்குப்படத்தோடு ஒப்பிடும் சபலம் வரும். மூக்கின் வடிவமும் புருவத்தின் வளைவும் கண்ணோரத்து மடிப்பும் உள்ளடுக்கு எண்களில் இருக்கின்றன. அவற்றை விமலாவின் படத்தோடு ஒப்பிட்டால், கமலாவின் மூக்கை வரைந்ததற்காக மாடல் தண்டிக்கப்படும். அடையாள இழப்பு ஒரு பக்கம் இழுக்க, இது மறுபக்கம் இழுக்கும். விளைவு இருவருமல்லாத மூன்றாவது ஆள். இருவரின் சாயலும் கலந்த முகம் வருகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வேற்று ஜோடியிலும் இது வேண்டுமென்றால், முகத்துக்கு வெளியே மட்டும் பயன்படுத்துங்கள். முகப்பகுதியை மறைத்துவிட்டு, தலைமுடி, கழுத்து, பின்னணி ஆகியவற்றை மட்டும் இலக்குப்படத்தோடு ஒப்பிடலாம். அங்கே இலக்குப்படமே சரியான விடை.

செலவு இதற்குத்தான் அதிகம். 256×256 படத்துக்கு விஜிஜியின் முதல் அடுக்குத் தொகுதி மட்டும் 64 தடங்களில் 256×256 எண்களை வைத்திருக்கும்: ஒரு படத்துக்குச் சுமார் 42 இலட்சம் எண்கள், 32 பிட் அளவில் ஏறக்குறைய 17 மெகாபைட், அதுவும் ஓர் அடுக்கின் ஒரே விளைவுக்கு. அடுத்தடுத்த அடுக்குகளும் இதில் சேரும். இதைச் சேர்த்ததும் தொகுதி அளவைக் குறைக்க நேர்ந்து, அதனால் பயிற்சி மெதுவானது என்பது பலருடைய அனுபவம்.

இன்னொன்று, உள்ளீட்டின் அளவுகோல். விஜிஜி தனக்கென்று உள்ள ஒரு சராசரியைக் கழித்து, விலகலால் வகுத்த படத்தை எதிர்பார்க்கிறது. உங்கள் மாடலோ பெரும்பாலும் −1 முதல் 1 வரையிலான எண்களைத் தருகிறது. `LPIPS` நிரல்தொகுப்பு −1 முதல் 1 வரை எதிர்பார்த்து மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும். சொந்தமாக விஜிஜியை இணைப்பவர்கள் மாற்றத்தைத் தாங்களே செய்ய வேண்டும். விட்டுவிட்டால் இழப்பு குறையவே செய்யும், ஆனால் நுணுக்கம் வராது. எடை மிகுந்தால் தோலில் சதுரக் கட்டம் போன்ற மெல்லிய பின்னல் தெரியும். கன்னத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். பின்னல் இருந்தால் எடையைக் குறைக்க வேண்டிய நேரம்.

## ஒரே பார்வையில்

| | மறுகட்டமைப்பு | அடையாளம் | புலனுணர்வு |
|---|---|---|---|
| விடைத்தாள் | தன் ஜோடியில் மட்டும் | இரண்டு ஜோடியிலும், மூல முகத்தின் திசையன் | தன் ஜோடியில். வேற்று ஜோடியில் முகத்துக்கு வெளியே |
| தெரிவது | நிறம், வெளிச்சம், பெரிய வடிவம் | ஆள் யார் | முடி, தோல், விளிம்பு |
| தெரியாதது | நுணுக்கம் | பின்னணி, பட அழகு | ஆள் யார் |
| குறுக்குவழி | இலக்குப்படத்தை நகலெடுத்தல் | முகமறி மாடலை ஏமாற்றுதல் | கட்டப் பின்னல் |
| எடை மிகுந்தால் | முகம் மாறாது, மழுங்கும் | மூலத்தின் பாவம் ஒட்டும் | கலப்பு முகம், பின்னல் |
| செலவு | மிகக் குறைவு | வெட்டும் சீரமைப்பும் துல்லியமாக வேண்டும் | நினைவகம் |

இவை மூன்றும் சேர்ந்தாலும் உண்மைப் படத்தின் கூர்மை முழுவதும் வராது. அதற்குப் பெரும்பாலான மாடல்கள், உண்மைப் படமா வரைந்த படமா என்று பிரிக்கும் இன்னொரு மாடலோடு போட்டியிட வைக்கும் எதிரிடைப் பயிற்சியையும் சேர்க்கின்றன. அது தனிக் கட்டுரைக்குரியது.

## எடையை எப்படித் தீர்மானிப்பது

ஃபேஸ்ஷிஃப்டர் மறுகட்டமைப்புக்கு 10, அடையாளத்துக்கு 5 என்று வைத்தது. சிம்ஸ்வாப் இரண்டுக்கும் 10. இந்த எண்களை அப்படியே கொண்டுவந்து தங்கள் நிரலில் ஒட்டிக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: முதலாவது L2-ஐப் பயன்படுத்துகிறது, இரண்டாவது L1-ஐ. எடை என்பது தனி எண் அல்ல. அது பெருக்கப்போகும் இழப்பின் அளவோடு சேர்ந்தே பொருள் தருகிறது.

திரையில் ஓடும் இழப்பின் அளவும் ஏமாற்றும். அடையாள இழப்பு 0.6, மறுகட்டமைப்பு 0.06 என்று இருந்தால், முன்னது பத்து மடங்கு வலிமையானது என்று பொருளில்லை. விளைவுப் படத்தை எது எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் வலிமை. அதை நேரடியாகவே அளக்கலாம்:

```python
def pull(loss, out):
    g, = torch.autograd.grad(loss, out, retain_graph=True)
    return g.norm().item()
```

தன் ஜோடித் தொகுதி ஒன்றில், எடை பெருக்கிய மூன்று இழப்புகளையும் இதன்வழியே பாருங்கள். ஒன்றின் இழுவை மற்றதைவிட நூறு மடங்கு என்றால், சிறியது இருந்தும் இல்லாததுபோலத்தான். மூன்றும் ஒன்றுக்கொன்று பத்து மடங்குக்குள் வரும்வரை எடையை மாற்றுங்கள், அதுவே தொடக்கப்புள்ளி. பயிற்சி முன்னேறும்போது இழுவைகளும் மாறும். அவ்வப்போது மீண்டும் அளக்க வேண்டும்.

தன் ஜோடியும் வேற்று ஜோடியும் எந்த விகிதத்தில் வர வேண்டும் என்பதும் மறைமுகமான எடைதான். ஃபேஸ்ஷிஃப்டர் 80 விழுக்காடு வேற்று ஜோடிகளைக் கொண்டு பயின்றது. முகம் மாற மறுத்தால், இழப்பின் எடையைத் தொடும் முன்னால் இந்த விகிதத்தைத்தான் நான் மாற்றிப் பார்ப்பேன். நகலெடுப்புக்குக் கிடைக்கும் மதிப்பெண் நேராகக் குறைந்துவிடும்.

## எந்தச் சூழலுக்கு எது முதன்மை

இரண்டே ஆட்கள், ஆளுக்கு நிறையப் படங்கள், தனித்தனி டிகோடர்: மறுகட்டமைப்பு முதன்மை, முடியும் பற்களும் மங்கினால் சிறிதளவு புலனுணர்வு. அடையாள இழப்பு வேண்டாம்.

எந்த முகத்துக்கும் ஒரே மாடல்: வரம்பு வைத்த அடையாள இழப்பு முதன்மை, மறுகட்டமைப்பு அதற்குத் துணை. புலனுணர்வைத் தொடக்கத்திலேயே சேர்க்காதீர்கள். முகம் மாறத் தொடங்கியதை உறுதிசெய்த பின், தன் ஜோடியில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரின் அடையாளத்தை மறைப்பதற்காக முகத்தை மாற்றும் வேலை, எடுத்துக்காட்டாக நேர்காணல் தந்தவரைப் பாதுகாக்க: இங்கே மூல முகத்தை எட்டுவதைவிட, இலக்கின் அடையாளத்திலிருந்து விலகுவது முக்கியம். விளைவுக்கும் இலக்குக்கும் இடையிலான ஒற்றுமையைத் தனியாக, வெளிமாடலால் அளந்தே தீர வேண்டும். முக வட்டத்துக்குள் புலனுணர்வு இழப்பை இலக்குப்படத்தோடு ஒப்பிடுவது இங்கே ஆபத்து. மறைக்க வேண்டிய மூக்கையும் புருவத்தையும் அதுவே திரும்பக் கொண்டுவந்துவிடும்.

குறைந்த நினைவகமுள்ள கருவி: விட வேண்டியது புலனுணர்வைத்தான்.

## கண்ணால் சரிபார்க்கும் கட்டம்

எண்களுக்குப் பக்கத்தில் ஒரு படக்கட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் சேராத 6 மூல முகங்களை மேலிருந்து கீழாகவும், 6 இலக்குப்படங்களை இடமிருந்து வலமாகவும் வைத்து, 36 விளைவுகளையும் நிரப்புங்கள். இலக்குப்படங்களில் ஒன்று வாய்விட்டுச் சிரிப்பதாகவும், ஒன்று பக்கவாட்டில் திரும்பியதாகவும், ஒன்று கண் மூடியதாகவும், ஒன்று ஒருபக்க வெளிச்சம் விழுந்ததாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு சேமிப்பிலும் அதே 12 படங்கள், மாற்றக் கூடாது.

ஒரு வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்தால் ஒரே ஆள், வெவ்வேறு பாவங்களில் தெரிய வேண்டும். ஒரு பத்தியை மேலிருந்து கீழாகப் பார்த்தால் வெவ்வேறு ஆட்கள், ஒரே பாவத்தில் தெரிய வேண்டும்.

பத்தி முழுதும் ஒரே ஆளாகத் தெரிந்தால் மாடல் நகலெடுக்கிறது: வேற்று ஜோடியின் பங்கைக் கூட்டுங்கள், பிறகும் அசையாவிட்டால் மறுகட்டமைப்பின் எடையைக் குறையுங்கள். வரிசை முழுதும் வாய் ஒரேபோல மூடியிருந்தால், சிரிக்கும் இலக்கின் பத்தியிலும் பல் தெரியாவிட்டால், அடையாள இழப்பு அளவு கடந்துவிட்டது: வரம்பைத் தாழ்த்துங்கள். வரிசையில் ஆள் மெல்ல மெல்ல இலக்கின் சாயலுக்கு நழுவினால், புலனுணர்வு இழப்பு வேற்று ஜோடியில் முகத்துக்குள் நுழைந்திருக்கிறதா என்று நிரலைத் திறந்து பாருங்கள். ஆளும் பாவமும் சரியாக இருந்து, 36 கட்டங்களிலும் புருவங்கள் மட்டும் பென்சிலால் தேய்த்ததுபோல இருந்தால்தான் புலனுணர்வின் எடையைக் கூட்டலாம்.